சனிக்கிழமைத் தராசு

ஒரு நாளைக்கு 100 கிலோ குப்பை சேரும் ஓட்டலும் விடுதியும் அடுக்ககமும் இனி அந்தக் குப்பைக்குத் தாமே பொறுப்பு. சட்டம் என்ன கேட்கிறது, அதைச் செய்து முடிப்பது எப்படி? காரைக்காலிலிருந்து ஒரு கணக்கு.

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள் குரும்பகரத்தில் எங்கள் வடிகால் வாய்க்கால் அடைத்துக்கொண்டது. நட்டு இருபது நாளான சம்பாப் பயிர். நுனி மட்டும் தெரிய, மற்றதெல்லாம் தண்ணீருக்குள் இருந்தது. இன்னும் இரண்டு நாள் அப்படியே நின்றால் அழுகிவிடும். ஆகாயத்தாமரை மண்டியிருக்கும் என்று நினைத்து இறங்கிய பெரியப்பா, பாலத்துக் குழாய் வாயிலிருந்து இழுத்துக் கரையில் போட்டது ஒரு கறுப்புப் பாலித்தீன் பை. அதன் பின்னால் இன்னொன்று, பிறகு இன்னும் நான்கு. பையைக் கிழித்தபோது மடித்த வாழையிலைகள் கட்டுக் கட்டாக வந்தன. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் சோறு, கூட்டு, நசுங்கிய தண்ணீர்க் கப், கை துடைத்த காகிதம். புளித்த நாற்றம் கரை முழுக்கப் பரவியது.

“இது நம்ம ஊர்ச் சாப்பாடு இல்லடா தம்பி. எங்கேயோ பெரிய பந்தி. ராத்திரியோட ராத்திரியா வண்டியில கொண்டாந்து தள்ளிட்டுப் போயிருக்கான்” என்றார்.

எந்தப் பந்தி என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. குப்பையை அள்ளிப்போக ஆள் வைத்துப் பணமும் கொடுத்திருப்பார்கள். அந்த ஆள் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார் என்று பணம் கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. புதிய விதிகள் கை வைத்திருப்பது இந்த இடத்தில்தான்.

மூன்று வாசல்

திடக்கழிவுக்கென்று நாட்டில் முதலில் வந்த 2000ஆம் ஆண்டு விதிகள் முழுப் பாரத்தையும் நகராட்சிகளின் தலையில் வைத்தன. 2016 ஏப்ரலில் வந்த விதிகள் ‘மொத்தக் கழிவு உருவாக்குவோர்’ என்று ஒரு வகையைப் பிரித்தன. சராசரியாக நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள் அந்த வகை. ஓட்டல்களும், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்களும் ஓராண்டுக்குள் குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும், மக்கும் குப்பையைக் கூடியவரை தம் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று அப்போதே எழுதியாயிற்று. பெரும்பாலான ஊர்களில் அது காகிதத்தோடு நின்றது. 100 கிலோ சேருகிறதா இல்லையா என்று யாரும் தராசு வைத்துப் பார்க்கவில்லை.

2026 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள் பழையவற்றை நீக்கிவிட்டு, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை. இவற்றில் மொத்தக் கழிவு உருவாக்குவோரை அடையாளம் காண மூன்று வாசல்கள் இருக்கின்றன. கட்டடத்தின் தளப்பரப்பு 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல்; தண்ணீர்ச் செலவு நாளைக்கு 40,000 லிட்டர் அல்லது அதற்கு மேல்; குப்பை நாளைக்கு 100 கிலோ அல்லது அதற்கு மேல். இவற்றில் ஏதாவது ஒரு வாசல் வழியாக நுழைந்தாலே போதும், நீங்கள் அந்த வகைதான். அரசு அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை, வணிக வளாகம், குடியிருப்போர் சங்கம் யாருக்கும் விலக்கு இல்லை.

20,000 சதுர மீட்டர் என்றால் இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் சதுர அடி. காரைக்காலில் அந்த அளவுக்கு வருபவை பெரும்பாலும் கல்வி நிறுவனங்களும் மருத்துவமனைகளும்தான். நம் ஓட்டல்காரர்களையும் விடுதிக்காரர்களையும் பிடிக்கப்போவது மற்ற இரண்டு வாசல்கள்.

தண்ணீர் வாசலை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் வழக்கமாக வைக்கும் அளவு. அப்படிப் பார்த்தால் 40,000 லிட்டர் ஏறக்குறைய முந்நூறு பேருக்கான தண்ணீர். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் எழுபத்தைந்து வீடுகள் கொண்ட அடுக்ககம் அந்த அளவைத் தொட்டுவிடும். அந்த முந்நூறு பேரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கிலோ குப்பை போட்டாலே 100 கிலோ. இரண்டு வாசலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் திறப்பதைக் கவனியுங்கள். “எங்கள் குப்பையை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை” என்று இனி எவரும் தப்ப முடியாது, தண்ணீர்க் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். விடுதிகளுக்குப் படுக்கைக்கு 180 லிட்டர், உணவகத்துக்கு இருக்கைக்கு 70 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். அறுபது அறை, அறைக்கு மூன்று படுக்கை, கீழே 120 பேர் உட்காரும் சாப்பாட்டுக் கூடம். இப்படியொரு விடுதிக்கு 32,400 லிட்டரும் 8,400 லிட்டரும் சேர்ந்து 40,800 வருகிறது. ஒரு நடுத்தர யாத்திரிகர் விடுதி, தான் பெரிய ஆள் என்று நினைக்காமலேயே எல்லைக்கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றுக்கு மீட்டர் இல்லாத இடம்தான் இங்கே அதிகம். முதல் வேலையாக மோட்டார்க் குழாயில் ஒரு நீர்மானியைப் பொருத்திவிடுங்கள். சொந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் அதிகாரியின் உத்தேசக் கணக்கை மறுத்துப் பேசலாம்.

எந்தக் கிழமை நிறுப்பது

அடுத்தது குப்பை வாசல். இதில் எல்லாரும் செய்யும் தப்பு, ஏதோ ஒரு நாள் நிறுத்துப் பார்த்துவிட்டு “எங்களுக்கு எழுபது கிலோதான்” என்று முடித்துக்கொள்வது.

திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமை வந்து பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கே நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகக் கூட்டம் இறங்கியிருக்கும். உடுத்திய துணியைக் குளத்தோடு விட்டுவிட்டு வருவது அங்கே வழக்கமாகிவிட்டது. அந்த ஈரத்துணி மலையே தனிக் கதை. ஏழு மணிக்குள் இந்தக் கூட்டம் முழுக்க விடுதிச் சாப்பாட்டுக் கூடங்களுக்கு வந்துவிடும். செவ்வாய்க்கிழமை அதே கூடத்தில் ஈ பறக்கும். சனிப்பெயர்ச்சி நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மேலே சொன்ன அறுபது அறை விடுதிக்கே கணக்குப் போடுவோம். திங்கள் முதல் வியாழன் வரை நாளைக்கு 70 கிலோ என்று வையுங்கள். வெள்ளியும் ஞாயிறும் 120 கிலோ. சனிக்கிழமை 210 கிலோ. வாரம் முழுவதும் கூட்டினால் 730 கிலோ, நாள் சராசரி 104. செவ்வாய் மட்டும் நிறுத்தால் எல்லைக்கு வெகு கீழே இருப்பதாகத் தோன்றும். ஏழு நாளும் நிறுத்தால் எல்லைக்கு மேலே. நாளைக்கு எவ்வளவு என்பதை ஒரு நாள் எடை சொல்லாது. ஆகவே தொடர்ந்து ஏழு நாள், முடிந்தால் திருவிழா இல்லாத ஒரு வாரமும் இருக்கும் ஒரு வாரமுமாக நிறுங்கள். சமையலறை வாசலில் நூறு கிலோ நிறுக்கும் ஒரு மேடைத்தராசு போதும். நனைந்த குப்பை, காய்ந்த குப்பை, அறைகளிலிருந்து வரும் குப்பை எல்லாம் சேர்ந்ததுதான் எடை. சோற்றை மட்டும் நிறுத்துவிட்டு அட்டைப்பெட்டியையும் தண்ணீர் பாட்டிலையும் விட்டுவிட்டால் அது பொய்க்கணக்கு. பொய்த் தகவல் தருவதற்கும், பதிவு செய்யாமல் இயங்குவதற்கும், போலி ஆவணம் காட்டுவதற்கும் சுற்றுச்சூழல் இழப்பீடு வசூலிக்கலாம் என்கின்றன புதிய விதிகள்.

இலை மடிக்கிற நொடி

குப்பையை நான்காகப் பிரிக்க வேண்டும் என்பது அடுத்த கட்டளை. ஈரக்குப்பை, உலர்குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக்கவனக் கழிவு. சோறு, காய்த்தோல், இலை, பூ, இறைச்சி மிச்சம் எல்லாம் ஈரம். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் உலர்ந்தவை. நாப்கினும் குழந்தைகளின் டயப்பரும் சுகாதாரக் கழிவு, அவற்றைச் சுற்றிக் கட்டித்தான் தர வேண்டும். பெயின்ட் டப்பா, எரிந்துபோன பல்பு, காலாவதியான மருந்து தனிக்கவனம். இதை மனப்பாடம் செய்வது சுலபம். ஓட்டலில் அது கைகூடுவதோ கைவிட்டுப்போவதோ ஒரே ஒரு நொடியில், பந்தியில் இலை எடுக்கும்போது.

ஒரு சனிக்கிழமை காலை அப்படியொரு கூடத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்தேன். சாப்பிட்டவர் காகிதக் கப்பை இலைமேல் வைக்கிறார், கை துடைத்த தாளை அதன்மேல் போடுகிறார், இலையைத் தன் பக்கம் மடிக்கிறார். இலை எடுக்கும் அக்கா மடித்த இலையை அப்படியே வழித்துத் தொட்டியில் தள்ளுகிறார். அடுத்த பந்தி காத்திருக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த இலை தொட்டிக்குள் விழுந்துவிட்டால் பிறகு பிரிப்பது ஆகாத காரியம். நூறு கிலோ புளித்த குவியலில் கைவிட்டுக் கப் பொறுக்கச் சொல்வது எந்தத் தொழிலாளிக்கும் செய்கிற கொடுமை.

மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “இலைக்கு முன்னாடி ஒரு ஆள் போகணும் சார்” என்றார். “கப்பை மட்டும் எடுத்துட்டுப் போயிடணும். அதுக்கப்புறம் அக்கா இலையை எடுத்தா சுத்தமா இருக்கும். எவர்சில்வர் டம்ளர் வெச்சா இன்னும் நல்லது, எடுக்கவே வேண்டாம். டம்ளர் கழுவ ஒரு ஆள் சம்பளம்னு ஓனர் யோசிக்கிறாரு.”

அவர் சொன்னதில் ஒரு முழுத் திட்டம் இருக்கிறது. தள்ளுவண்டியில் இரண்டு தொட்டி, முதல் சுற்றில் கப்பும் தாளும், இரண்டாம் சுற்றில் இலை. எவர்சில்வர் டம்ளருக்கு மாறினால் முதல் சுற்றே வேண்டாம். டம்ளர் கழுவும் கூலியை, கலந்த குப்பையை அள்ளிப்போகக் கொடுக்கும் கூலியோடு வைத்துப் பார்க்க வேண்டும். பிரித்த இலை உரமாகும். பிரிக்காத இலை காசு கொடுத்துத் தொலைக்க வேண்டிய பாரம்.

வாரத்துக்கு ஒரு தொட்டி

ஈரக்குப்பையைக் கூடியவரை வளாகத்துக்குள்ளேயே பக்குவப்படுத்த வேண்டும் என்பது விதியின் மையம். நம் விடுதியின் 104 கிலோவில் ஈரக்குப்பை 78 கிலோ என்று கொள்வோம். வாரத்துக்கு 546 கிலோ.

சோறும் குழம்பும் தனியாகக் குவிந்தால் மக்காது, அழுகும். அதில் ஈரமும் தழைச்சத்தும் அதிகம், காற்று புக இடம் கிடையாது. கரிச்சத்து மிகுந்த காய்ந்த பொருள் கலந்தால்தான் நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டு வேலை செய்யும். கரிச்சத்து 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்ற அளவில் குவியல் நன்றாகச் சூடேறும். டெல்டாவில் இதற்கு அலைய வேண்டியதில்லை. வைக்கோலை நாலு விரல் நீளத்துக்கு நறுக்கிப் போடலாம், காய்ந்த சருகு போடலாம், தென்னைநார்க் கழிவு போடலாம். அரவை மில் உமியும் கிடைக்கும். ஆனால் உமி சீக்கிரம் மக்காது, காற்றுக்கு இடைவெளி தரும் அவ்வளவுதான், அதை மட்டும் நம்பக்கூடாது. வாரத்துக்கு 140 கிலோ காய்ந்த பொருள் இந்த 546 கிலோவுக்குச் சரியாக இருக்கும். முதல் தடவை பழைய உரமோ சாணக் கரைசலோ தெளித்தால் வேலை சீக்கிரம் தொடங்கும்.

வாழையிலையை முழுசாகப் போடாதீர்கள். மடிந்த இலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து தகடு போல ஒட்டிக்கொள்ளும், அடியில் காற்றே போகாது. தீவனம் நறுக்கும் இயந்திரம் போதும், இலையைக் கீற்றுக் கீற்றாக்கிப் போடுங்கள்.

இவ்வளவும் சேர்ந்து வாரத்துக்கு ஏறக்குறைய 690 கிலோ, ஒன்றே முக்கால் கன மீட்டர். நாலடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரத்தில் ஒரு தொட்டி கட்டினால் ஒரு வாரக் குப்பை அதில் அடங்கும். பக்கச்சுவரில் செங்கல்லை இடைவிட்டு அடுக்கினால் காற்றோட்டம் கிடைக்கும். இப்படி ஏழு தொட்டி. ஏழாவது நிரம்பும்போது முதல் தொட்டி ஆறு வாரம் பக்குவப்பட்டுக் காலியாகத் தயாராக நிற்கும். தொட்டிகளுக்கும் ஆள் நடமாடவும் சேர்த்து இரண்டு கார் நிறுத்தும் இடம் போதும். சனிக்கிழமையின் வேகத்துக்கு ஒரு எச்சரிக்கை: அன்றைக்குத் தேவைப்படும் வைக்கோலை வியாழக்கிழமையே நறுக்கி மூட்டையாக வைத்திருங்கள். இரவு பத்து மணிக்கு இருநூறு கிலோ குப்பையோடு நிற்கும் ஆள் வைக்கோல் தேடிப் போகமாட்டார்.

நம் மண்ணுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. மதுரைப் பக்கம் வெற்றியாக நடந்த குழி உரத்தைப் பார்த்துவிட்டு இங்கேயும் குழி வெட்டுகிறார்கள். கார்த்திகையில் எங்கள் கொல்லைகளில் இரண்டடி தோண்டினால் தண்ணீர் நிற்கும். குழிக்குள் ஊற்று வந்துவிட்டால் உரம் சாக்கடையாகிவிடும். காரைக்காலில் தொட்டி தரைக்கு மேலே, வெள்ளம் ஏறாத உயரத்தில் ஒரு மேடைமேல் இருக்க வேண்டும். மேலே ஓடு அல்லது தகரக்கூரை, சாரல் அடிக்காத பக்கம் வாய். அடியில் வடியும் கறுப்புச் சாற்றுக்குச் சரிவும் ஒரு சிறு சேமிப்புத் தொட்டியும் வைத்து, அதைக் காய்ந்த குவியலின்மேலேயே திரும்பத் தெளிக்கலாம். அந்தச் சாறு வாய்க்காலுக்குப் போனால் மீன் மிதக்கும்.

குவியல் என்ன சொல்கிறது

தொட்டி நன்றாக நடக்கிறதா என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் கசிந்தால் ஈரம் சரி. தாரையாக ஒழுகினால் அதிகம், சொட்டே இல்லாமல் உதிர்ந்தால் குறைவு. நீளக் கம்பி வைத்த வெப்பமானியை நடுவில் செருகினால் மூன்றாம் நாளுக்குள் 55 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். அந்தச் சூடு மூன்று நாளாவது நின்றால்தான் நோய்க்கிருமியும் களைவிதையும் சாகும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை, கிளறிவிட்டு வைக்கோல் சேருங்கள். மூக்கில் ஏறும் நவச்சார நெடி வந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது, அப்போதும் மருந்து காய்ந்த பொருள்தான். புழு நெளிந்தால் சோறு மேலே திறந்து கிடக்கிறது என்று பொருள். ஒவ்வொரு நாள் குப்பையின் மேலும் நாலு விரல் கனத்துக்குச் சருகு மூடினால் ஈ வராது.

பெரிய ஓட்டல்கள் இந்த வேலையெல்லாம் வேண்டாமென்று ‘24 மணி நேரத்தில் உரம்’ என்று விற்கும் இயந்திரத்தை வாங்குகின்றன. அவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த இயந்திரங்களில் பல, குப்பையை அரைத்துச் சூடாக்கி ஈரத்தை விரட்டுகின்றன. மறுநாள் வெளியே வருவது பழுப்பு நிறத்தில், வறுத்த மாவு போல, மணமாகக்கூட இருக்கும். அது காய்ந்த சாப்பாடு, உரமாக இன்னும் மாறவில்லை. செடிக்குப் போட்டுத் தண்ணீர் விட்டால் அது மறுபடி அழுகத் தொடங்கி, சூடேறி, வேரைச் சுட்டுவிடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு பிடி தூளை நனைத்து, இறுக்கமாக மூடிய உறையில் ஐந்து நாள் வைத்துத் திறந்து பாருங்கள். மண் வாசனை வந்தால் முதிர்ந்த உரம். நாற்றம் வந்தால் இன்னும் பல வாரம் தொட்டியில் கிடந்து முதிர வேண்டும். இயந்திரம் வாங்கினாலும் தொட்டி வேண்டும், மின்கட்டணமும் கட்ட வேண்டும். இடமே இல்லாத நகரத்து ஓட்டலுக்கு எடையைக் குறைத்து அனுப்ப அது உதவலாம். திருநள்ளாற்றில் இடம் இருக்கிறவர்கள் கடன் வாங்கி அதை வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

எண்ணெய்க்குத் தனி வழி உண்டு. பூரியும் வடையும் பொரித்த பழைய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் குவியலைப் படலமாக மூடி மூச்சுத் திணறடிக்கும், சாக்கடையில் ஊற்றினால் உறைந்து அடைக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை மறுபடி பயன்படுத்தக் கூடாது. நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எடுப்பவர்கள் கணக்குப் புத்தகம் வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் தர வேண்டும். பயோடீசலுக்காக அதைக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறார்கள்.

இடம் இல்லாதவர்கள்

காரைக்கால் நகரத்துக்குள் ஒண்டுக் குடித்தனம் போல நெருக்கிக் கட்டிய ஓட்டலுக்குத் தொட்டி வைக்க இடமிருக்காது. அவர்களுக்காகத்தான் புதிய விதிகளில் ‘விரிவாக்கப்பட்ட மொத்தக் கழிவு உருவாக்குவோர் பொறுப்பு’ என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. உங்கள் வளாகத்தில் செய்ய முடியாத ஈரக்குப்பை வேறிடத்தில் பக்குவப்படுத்தப்பட்டது என்பதற்கான சான்றிதழை நீங்கள் பெற வேண்டும். குப்பை எங்கே உருவாகி எங்கே பக்குவமாகிறது என்பதைத் தொடர மையப்படுத்தப்பட்ட இணையதளமும் உண்டு.

இங்கே என் அச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் என்றவுடன் சிலருக்குக் கை துறுதுறுக்கும். “மாசம் இவ்வளவு குடுங்க, சர்டிபிகேட்டும் நானே தர்றேன், நீங்க பிரிக்கக்கூட வேண்டாம்” என்று ஒரு வண்டிக்காரர் வந்து நிற்பார். பிரிக்க வேண்டாம் என்று எவர் சொன்னாலும் அவரிடம் உரம் செய்யும் இடம் இல்லை என்று உறுதியாக நம்பலாம். கலந்த குப்பையிலிருந்து யாராலும் நல்ல உரம் செய்ய முடியாது. எங்கள் வாய்க்காலில் கிடந்த ஆறு பையும் அப்படியொரு வசதியின் விளைவுதான்.

ஆகவே ஒப்பந்தம் போடுமுன் வண்டிக்குப் பின்னாலேயே ஒருநாள் போய்ப் பாருங்கள். உரம் செய்யும் இடம் அனுமதி பெற்றதா, உங்கள் அளவைத் தாங்குமா, அங்கே முதிர்ந்த உரக்குவியல் கண்ணில் படுகிறதா? ஒவ்வொரு நடைக்கும் எடைச்சீட்டு கேட்டு வாங்குங்கள். உங்கள் வாசல் தராசின் எடையும் அந்தச் சீட்டின் எடையும் மாதக்கடைசியில் ஒத்துப்போக வேண்டும். அறுநூறு கிலோ அனுப்பிய வாரத்துக்கு நானூறு கிலோவுக்குத்தான் சீட்டு இருந்தால் மீதி இருநூறு எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அது ஏதோ ஒரு ஊரின் குழாய் வாயில் கிடக்கும்.

பதிவேடு என்று பயப்பட ஒன்றுமில்லை. கோடு போட்ட ஒரு நோட்டு போதும். தேதி, நான்கு வகையின் எடை, யாரிடம் போயிற்று, சீட்டு எண், எழுதியவர் கையெழுத்து. தொட்டி வைத்திருப்பவர்கள் தொட்டி எண்ணும் வெப்பநிலையும் சேர்த்து எழுதலாம். இணையதளத்தில் நிரப்ப வேண்டிய தகவலெல்லாம் இந்த நோட்டிலிருந்துதான் வரப்போகிறது.

யாரிடம் போவது? காரைக்கால் நகராட்சிக்கு வெளியே என்றால் உங்கள் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர்தான். குரும்பகரத்துக்கு நெடுங்காடு, திருநள்ளாற்று விடுதிகளுக்குத் திருநள்ளாறு. சுற்றுச்சூழல் தரப்பில் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். தமிழ்நாட்டில் இருப்பது வாரியம், யூனியன் பிரதேசத்தில் அதையே குழுமம் என்பார்கள், மனுவில் பெயர் மாறினால் அலைச்சல். புதுச்சேரியில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத ஊர் இது. வாய்க்கால் அடைத்தால் போய் நிற்க எங்களுக்கு இருக்கும் ஒரே வாசல் ஆணையர் அலுவலகம். அந்த மேசையில் விடுதிகளின் எடைக்கணக்கு இருந்தால், ஆறு பை யாருடையது என்ற கேள்விக்காவது விடை தேட முடியும்.

பெரியப்பாவின் நாக்கு

வாரத்துக்கு 690 கிலோ உள்ளே போனால் மக்கிச் சலித்து வெளியே வருவது ஏறக்குறைய 150 கிலோ. விடுதித் தோட்டத்துக்கு அவ்வளவு தேவைப்படாது. அதை வாங்கிக்கொள்ள எங்கள் வயல்கள் இருக்கின்றன. ஆனால் கடலோர மண்ணுக்கு ஒரு பலவீனம், ஏற்கெனவே உப்பு. சாம்பாரும் ரசமும் ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்த ஓட்டல் குப்பையில் உப்பு கூடுதலாக இருக்கும். மக்கும்போது சோறு காற்றோடு போய்விடும், உப்பு போகாது, குறைந்த உரத்தில் அடர்ந்து நிற்கும். விற்பனை உரத்துக்கு மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டக்கூடாது என்பது அரசு வைத்திருக்கும் எல்லை. உப்பு ஏற ஏற இந்த எண்ணும் ஏறும். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் சின்னக் கருவியே ஓரளவு காட்டிக்கொடுக்கும். முறையாக அறிய வேளாண் ஆட்களைக் கேட்கலாம், எங்களுக்குப் பக்கத்துச் செருமாவிலங்கையிலேயே பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது.

உப்பைக் குறைக்க வழி சமையலறையிலேயே உண்டு. குழம்பும் ரசமுமாக இருக்கும் மிச்சத்தைச் சல்லடைத் தொட்டியில் போட்டு நீரை வடித்துவிட்டுக் கெட்டியை மட்டும் உரத்துக்கு எடுத்தால் உப்பில் ஒரு பகுதி வடிந்த நீரோடு போய்விடும். அந்த நீர் விடுதியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குத்தான் போக வேண்டும். காய் நறுக்கிய கழிவும் இலையும் சருகும் கூடுதலாகச் சேர்ந்தால் மீதி உப்பும் நீர்த்துப்போகும்.

போன மாசியில் ஒரு விடுதித் தொட்டியிலிருந்து சலித்த உரம் ஒரு சாக்கு வாங்கி வந்தேன். பெரியப்பா ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து முகர்ந்தார். ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினார். அப்படிச் செய்யக்கூடாது என்று சொல்வதற்குள் செய்துவிட்டார்.

“உப்புக் கரிக்குதுடா. சம்பாவுக்கு வேண்டாம். முதல்ல தென்னைக்குப் போடுவோம், அது தாங்கும். அடுத்த சாக்கு கொண்டாரப்போ ரசத்தை வடிச்சாங்களான்னு கேட்டுட்டு வா.”

கேட்டேன். ஒரு வாரமாக வடிக்கிறார்களாம். அந்தத் தொட்டி திறக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.